பள்ளியின் பழைய பெயரே தொடரும் என்று பெற்றோருக்கு எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் மாற்றம் பற்றிப் பேச்செழுந்து, ஆலோசித்து, முடிவில் பழைய பெயரையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்த பள்ளிகளின் முதல்வர்கள் கடிதம் எழுத உட்காரும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கடைசிக் கேள்வி மட்டும் ஒரு பெற்றோருடையது.

பெயர் மாறவே இல்லை. மாறாத ஒன்றுக்குக் கடிதம் எதற்கு?

பெயர் மாற்றம் பற்றி நிர்வாகக் குழுவின் அறைக்குள் மட்டுமே பேச்சு நடந்து, அங்கேயே முடிந்துபோயிருந்தால் கடிதம் தேவையில்லை. பெற்றோரிடம் கருத்துக் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தாலோ, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசியிருந்தாலோ, யாராவது கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்திருந்தாலோ, அந்த நிமிடத்திலிருந்து பள்ளி ஒரு பதிலைக் கடன்பட்டிருக்கிறது. அந்தப் பதிலைத் தராமல் காலம் கடத்தினால், கேட்டவர்கள் தம்மை யாரும் பொருட்படுத்தவில்லை என்று நினைப்பார்கள். கேட்காதவர்களோ அடுத்த கல்வியாண்டில் பெயர் மாறிவிடும் என்று நம்பி, புதிய சீருடை வாங்கலாமா வேண்டாமா என்று அலுவலகத்துக்கு வந்து நிற்பார்கள். இரண்டு வதந்திகளையும் தனித்தனியாக மறுத்துக்கொண்டிருப்பதைவிட ஒரு பக்கக் கடிதம் எழுதுவது எளிது.

கடிதத்தை எப்படித் தொடங்குவது? பள்ளியின் வரலாற்றிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். பெற்றோர் கடிதத்தைப் பிரிப்பது ஒரே ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளத்தான். பெயர் மாறுகிறதா, இல்லையா என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். பள்ளி எந்த ஆண்டில் எத்தனை மாணவர்களுடன் தொடங்கியது என்று மூன்று பத்திகள் எழுதிவிட்டு நான்காவதில் முடிவைச் சொன்னால், மாற்றத்தை விரும்பியவர் அந்த மூன்று பத்திகளையும் தம்மைச் சமாதானப்படுத்தும் முயற்சியாகவே படிப்பார்.

முதல் பத்தியில் முடிவோடு கூடவே வர வேண்டியவை இரண்டு: யார் முடிவெடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள். இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் வழுக்குகின்றன. ‘பல்வேறு கருத்துகள் பரிசீலிக்கப்பட்டு, பழைய பெயரே தொடர முடிவு செய்யப்பட்டுள்ளது’ என்ற வாக்கியத்தில் பரிசீலித்தவரும் இல்லை, முடிவு செய்தவரும் இல்லை. படிப்பவர் அந்த வெற்றிடத்தில் தமக்குத் தோன்றிய ஒருவரை, பெரும்பாலும் முதல்வரையே, உட்கார வைத்துவிடுவார். ‘பள்ளியின் நிர்வாகக் குழு இம்மாதம் 12ஆம் நாள் கூடி, பள்ளியின் பெயரை மாற்றுவதில்லை என்று முடிவு செய்தது’ என்று எழுதினால் பொறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். முடிவு ஒருமனதாக இல்லையென்றால் அதையும் சொல்லலாம். ‘பெரும்பான்மை முடிவு’ என்ற இரண்டே சொற்கள் போதும். எப்படியும் வெளியே தெரியப்போகிற செய்தி அது.

எங்களிடம் ஆறேழு காரணங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதினால் கடிதம் வலுவாக இருக்கும் அல்லவா?

வலுவிழந்துபோகும். ஆறு காரணங்களில் ஒன்று பலவீனமானதாக இருந்தால் படிப்பவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். முடிவெடுத்த கூட்டத்தில் உண்மையாகவே தராசைச் சாய்த்த காரணம் எது என்று நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். அது பெரும்பாலும் ஒன்றாகவோ இரண்டாகவோதான் இருக்கும். மற்றவை முடிவெடுத்த பிறகு சேர்த்துக்கொண்டவை. கடிதத்தில் அவற்றுக்கு இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். நிலம் கொடுத்த ஒருவரின் பெயரைத் தாங்கிய பள்ளி அது என்று வைத்துக்கொள்வோம். மேல்நிலை வகுப்புகள் தொடங்கிய வேளையில், புதிய பெயர் சூட்டலாம் என்ற யோசனை வருகிறது. அதே பெயரில் அருகிலேயே வேறொரு பள்ளியும் இருப்பதால் சேர்க்கை விண்ணப்பங்கள் மாறிப் போகின்றன, அஞ்சல்கள் தவறாகச் சேர்கின்றன என்பது பெற்றோர் சொல்லும் நியாயமான குறை. இந்நிலையில் நிர்வாகக் குழு பழைய தானப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கிறது. அதில், இந்த நிலத்தில் நடக்கும் பள்ளி நன்கொடையாளரின் பெயரைத் தாங்கி வர வேண்டும் என்றும், தவறினால் நிலம் அவருடைய வாரிசுகளுக்குத் திரும்பும் என்றும் ஒரு வாசகம் இருக்கிறது. இதுதான் தராசைச் சாய்த்த காரணம். கடிதத்தில் இதைத்தான் எழுத வேண்டும். ‘பாரம்பரியத்தைப் போற்றும் வகையில்’ என்று தொடங்கிவிட்டுப் பத்திரத்தைப் பற்றி மூச்சே விடாமல் இருந்தால், நாளை யாராவது பத்திர நகலை எடுத்துவந்து வாட்ஸ்அப் குழுவில் போடும்போது பள்ளி எதையோ மறைத்ததாகிவிடும்.

ஆனால் பத்திரத்தைக் காரணமாகக் காட்டும் முன் அதை ஒரு வழக்கறிஞர் முழுமையாகப் படித்திருக்க வேண்டும். பல பள்ளிகளில் ‘பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது’ என்பது வாய்வழிச் செய்தியாகவே தலைமுறை தாண்டி வந்திருக்கும். எடுத்துப் படித்தால் ‘என் பெயர் நிலைக்க வேண்டும் என்பது என் விருப்பம்’ என்று மட்டுமே எழுதியிருக்கும். நிபந்தனை வேறு, விருப்பம் வேறு. மீறினால் என்ன நேரும் என்று பத்திரமே சொன்னால் அதை நிபந்தனையாகக் கொள்ள இடமுண்டு. விளைவு எதுவும் சொல்லப்படாத வாசகத்தை நீதிமன்றங்கள் பெரும்பாலும் அவ்வளவு கடுமையாகப் பார்ப்பதில்லை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால் இதில் முதல்வரின் சொந்த வாசிப்பு போதாது. வெறும் விருப்பமாக இருந்து, அதை மதித்துப் பெயரைத் தொடர்வதென்று குழு முடிவெடுத்திருந்தால், ‘அவர் விருப்பத்தை மதிக்கிறோம்’ என்று எழுதுங்கள். ‘எங்களுக்கு வேறு வழியில்லை’ என்று எழுதாதீர்கள். வழி இருந்தது; குழு அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

‘பெயர் மாறினால் முன்னாள் மாணவர்களின் சான்றிதழ்கள் செல்லாமல் போய்விடும்’ என்று எழுதச் சொல்கிறார் தாளாளர். எழுதலாமா?

எழுதக் கூடாது, ஏனென்றால் அது உண்மையில்லை. ஒரு பள்ளி முறைப்படி பெயர் மாற்றிக்கொண்டால் அதற்கு முன் அது வழங்கிய சான்றிதழ்கள் செல்லாதவை ஆகிவிடுவதில்லை. வழங்கிய நாளில் பள்ளிக்கு என்ன பெயர் இருந்ததோ அந்தப் பெயரில்தான் அவை இருக்க வேண்டும், அதுவே சரி. உலகம் முழுவதும் பள்ளிகளும் கல்லூரிகளும் பெயர் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றில் படித்தவர்கள் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நடைமுறையில் வரும் சிரமம் வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ வேலை கொடுக்கும் நிறுவனமோ சான்றிதழைச் சரிபார்க்கும்போது, அதில் உள்ள பெயரில் இப்போது பள்ளி ஏதும் காணப்படவில்லை என்று நிறுத்திவைக்கும். அப்போது பெயர் மாற்ற ஆணையின் நகலையும், இரண்டும் ஒரே நிறுவனம்தான் என்று முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தையும் இணைத்து அனுப்ப வேண்டியிருக்கும். இது ஒரு கூடுதல் வேலை, சில நாள் தாமதம்; அவ்வளவுதான். குழு இதைக் கருத்தில் கொண்டிருந்தால் இந்த அளவிலேயே எழுதலாம். இதைப் பெரிதாக்கிப் பயமுறுத்தினால் மறுநாளே நூறு முன்னாள் மாணவர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பின்னாளில் நியாயமான காரணத்துக்காகவே பெயரை மாற்ற நேர்ந்தால் இந்த வாக்கியமே பள்ளிக்கு எதிராக வந்து நிற்கும்.

செலவைக் காரணமாகச் சொல்வது அற்பமாகத் தெரியாதா?

செலவு உண்மையான காரணமாக இருந்தால் தெரியாது. மறைத்தால்தான் அற்பமாகத் தெரியும். ஆனால் ‘பெரும் செலவு’ என்று பொதுவாக எழுதாமல், எதற்கெல்லாம் என்று சொல்லுங்கள்: வாயில் பலகை, பேருந்துகளில் எழுதிய பெயர், ரப்பர் முத்திரைகள், அச்சடித்து வைத்துள்ள சான்றிதழ்த் தாள்கள், வங்கிக் கணக்கு, காப்பீடு, தேர்வு வாரியப் பதிவு. இவற்றில் பணத்தைவிட நாளைத் தின்பவை கடைசி மூன்றும்தான். சீருடையில் பள்ளிச் சின்னம் தைக்கப்பட்டிருந்தால் அதை மாற்றும் செலவு பெற்றோர் தலையில் விழும் என்பதையும் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் பெற்றோர் முதலில் கணக்குப் போடுவது அதைத்தான்.

எங்கள் பள்ளிக்குப் பெயர் கொடுத்தவரின் கடந்த காலம் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்ததால்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். பெயரைத் தொடர்வதை எப்படி விளக்குவது?

இருப்பவற்றில் கடினமான கடிதம் இது. இதற்கு முன்னுதாரணமாக ஒரு தோல்வியைத்தான் காட்ட முடிகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர் தங்கிப் படிக்கும் கல்லூரிகளில் ஒன்றுக்கு 1930களில் ஜான் கால்ஹூன் என்பவரின் பெயரை வைத்தார்கள். அவர் யேலில் படித்தவர், அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். அடிமை முறை நல்லதே என்று வாதாடியவரும்கூட. பெயரை நீக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். 2016 ஏப்ரலில் பல்கலைக்கழகத் தலைவர் பீட்டர் சலோவே, பெயர் தொடரும் என்று அறிவித்தார். பெயரை எடுத்துவிட்டால் அடிமை முறையின் வரலாற்றை மறைத்ததாகும், பெயர் இருந்தால் அதை எதிர்கொண்டு கற்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். பத்தே மாதங்களில், 2017 பிப்ரவரியில், அதே பல்கலைக்கழகம் அந்தப் பெயரை நீக்கி, கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பரின் பெயரைச் சூட்டியது.

அந்த அறிவிப்பு ஏன் நிற்கவில்லை என்று பார்த்தால், என் கணிப்பில், முதல்வர்களுக்குப் பயன்படும் இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, எந்த அளவுகோலை வைத்து முடிவெடுத்தார்கள் என்பது அதில் தெளிவாக இல்லை. ‘வரலாற்றை மறைக்கக் கூடாது’ என்ற காரணத்தை எவ்வளவு கொடியவரின் பெயருக்கும் சொல்லலாம்; எதற்கும் பொருந்தும் காரணம் எதையும் விளக்குவதில்லை. மற்றொன்று, ஒரு பெயரை மாட்டி வைப்பது அந்த மனிதரைக் கௌரவிப்பது. அவரைப் பற்றிக் கற்பிப்பது வேறு செயல். கற்பிப்பதற்கு வாயிற்பலகை தேவையில்லை. போதாததற்கு, அதே அறிவிப்பில் புதிய இரண்டு கல்லூரிகளுக்கு என்ன பெயர், கல்லூரித் தலைவர்களை இனி எப்படி அழைப்பது என்ற முடிவுகளும் சேர்ந்துகொண்டன. ஒரு கடிதத்துக்கு ஒரு முடிவு போதும்.

பிறகு யேல் செய்ததுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. பெயர் மாற்றத்துக்கான அளவுகோல்களை வகுக்க 2016 ஆகஸ்டில் ஒரு குழுவை அமைத்தார்கள். பெயரை மாற்றுவது அரிதாகவே நடக்க வேண்டும், மாற்றாமல் இருப்பதே இயல்பான நிலை என்று அந்தக் குழு தொடங்கியது; பின் சில கேள்விகளை முன்வைத்தது. அந்த மனிதர் முதன்மையாக எதற்காக நினைவுகூரப்படுகிறாரோ அது நிறுவனத்தின் நோக்கத்துக்கே எதிரானதா? அவர் செய்தது அவர் காலத்திலேயே கண்டிக்கப்பட்டதா? பெயர் வைத்தபோது எதற்காக வைத்தார்கள்? அந்தக் கட்டடம் ஒன்றாக வாழும் சமூகத்தை உருவாக்கும் இடமா? கால்ஹூன் விஷயத்தில் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் பெயரை நீக்கும் பக்கமே சாய்ந்தன.

உங்கள் பள்ளியின் பெயருக்கு இதே கேள்விகளைப் போட்டுப் பார்த்து, பதில்கள் பெயரைத் தொடரும் பக்கம் சாய்ந்திருந்தால், அந்தக் கேள்விகளையும் பதில்களையும் கடிதத்தில் எழுதுங்கள். குற்றச்சாட்டு என்ன என்பதையும் தெளிவான ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். ‘சில சர்ச்சைகள்’ என்று மழுப்பினால், படிப்பவர் உண்மையைவிட மோசமான ஒன்றை ஊகிக்கக்கூடும். குற்றச்சாட்டில் உண்மை இருக்குமானால் ‘உண்மைதான், ஆயினும்’ என்ற வரிசையில் எழுதலாம். பதில்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் பெயரைத் தொடர முடிவு செய்திருந்தால், அதைக் காப்பாற்றக்கூடிய கடிதத்தை யாராலும் எழுத முடியாது. நிர்வாகக் குழுவிடம் அதைச் சொல்வதுதான் முதல்வரின் வேலை.

பள்ளியின் பழைய வரலாற்றைக் கடிதத்தில் குறிப்பிடும்போது எவ்வளவு சரிபார்க்க வேண்டும்?

ஒவ்வொரு ஆண்டையும் பெயரையும் ஓர் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். சரிபார்க்க முடியாததை விட்டுவிட வேண்டும். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரின் பள்ளி வாரியம் 44 பள்ளிகளின் பெயர்களை மாற்ற வாக்களித்தது. வாஷிங்டன், லிங்கன் ஆகியோரின் பெயர்களும் அதில் இருந்தன. பரிந்துரைத்த குழு வரலாற்றாசிரியர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்பதும், அதன் குறிப்புகளில் பிழைகள் இருந்தன என்பதும் வெளிவந்தன. எடுத்துக்காட்டாக, 1779இல் பிரிட்டிஷ் படைக்கு எதிராக நடந்த ஒரு கடற்படையெடுப்பைப் பழங்குடி மக்களின் நிலத்தைப் பறிக்கச் சென்றதாகப் புரிந்துகொண்டு, அதில் பங்கேற்ற பால் ரிவியரின் பெயரை நீக்கச் சொன்னார்கள். 2021 ஏப்ரலில் வாரியம் தன் முடிவையே திரும்பப் பெற்றது. அங்கே மாற்றத்துக்காகச் சொன்ன காரணத்தில் பிழை நேர்ந்தது. தொடர்வதற்காகச் சொல்லும் காரணத்தில் பிழை நேர்ந்தாலும் விளைவு அதேதான்.

பள்ளியின் ஆண்டு மலரில் அச்சாகியிருப்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். முந்தைய ஆண்டின் மலரைப் பார்த்து எழுதியதாகவே அது பெரும்பாலும் இருக்கும். முதல் சேர்க்கைப் பதிவேடு, அங்கீகார ஆணை, நிலப் பத்திரம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். இந்த மூன்றிலும் பள்ளியின் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னெழுத்து, ‘நினைவு’ என்ற சொல், ‘உயர்நிலை’, ‘மேல்நிலை’ போன்றவை ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருப்பது வழக்கம். ‘பழைய பெயரே தொடரும்’ என்று எழுதும்போது அந்தப் பெயர் எது என்பதில் பள்ளிக்கே இரண்டு கருத்து இருக்கக் கூடாது.

முழுக் கடிதம் ஒன்றைக் காட்ட முடியுமா?

மேலே சொன்ன தானப் பத்திரப் பள்ளிக்கே எழுதிப் பார்க்கலாம்.

> அன்பார்ந்த பெற்றோருக்கு,
>
> வணக்கம். நம் பள்ளியின் பெயர் மாறவில்லை. இப்போதுள்ள பெயரே தொடரும். பள்ளியின் நிர்வாகக் குழு இம்மாதம் 12ஆம் நாள் கூடி, பெரும்பான்மை முடிவாக இதைத் தீர்மானித்தது. முதல்வர் என்ற முறையில் நானும் அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டேன்.
>
> கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய பெயர் பற்றி உங்கள் கருத்தைக் கேட்டிருந்தோம். மாற்றத்தை ஆதரித்து எழுதியவர்களில் பெரும்பாலோர், இதே பெயரில் அருகில் இன்னொரு பள்ளி இருப்பதால் விண்ணப்பங்களும் அஞ்சல்களும் மாறிப் போவதைச் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். பள்ளி அலுவலகமும் இதே சிரமத்தைச் சந்தித்துவருகிறது; குறை உண்மையானது.
>
> ஆயினும், பள்ளி அமைந்துள்ள நிலத்தின் தானப் பத்திரத்தில், இங்கு நடக்கும் பள்ளி நன்கொடையாளரின் பெயரைத் தாங்கி வர வேண்டும் என்ற நிபந்தனை உள்ளது. பெயரை நீக்கினால் நிலத்தின் மீது அவருடைய வாரிசுகள் உரிமை கோர இடமுண்டு என்று பள்ளியின் வழக்கறிஞர் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துள்ளார். பள்ளியின் நிலத்தை அத்தகைய வழக்குக்கு உட்படுத்துவதில்லை என்பதே குழுவின் முடிவுக்குக் காரணம். பத்திரத்தின் அந்தப் பகுதியை அலுவலக நேரத்தில் நீங்கள் வந்து படிக்கலாம்.
>
> பெயர்க் குழப்பத்தைக் குறைக்க, வாயில் பலகை, பேருந்துகள், விண்ணப்பப் படிவம், இணையதளம் ஆகிய நான்கிலும் பள்ளியின் பெயருக்குக் கீழே தெருவின் பெயரும் பள்ளியின் பதிவு எண்ணும் இடம்பெறும். அடுத்த சேர்க்கை தொடங்கும் முன் இது முடிந்துவிடும். சீருடையிலும் சின்னத்திலும் மாற்றம் எதுவுமில்லை. புதிதாக எதையும் நீங்கள் வாங்க வேண்டியதில்லை.
>
> இந்த முடிவு பற்றி என்னிடம் பேச விரும்புவோர் வரும் இரண்டு வாரங்களில் எந்த வேலை நாளிலும் மாலை 4 மணிக்கு மேல் வரலாம்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> முதல்வர்

இந்தக் கடிதத்தில் பாரம்பரியம் என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். நன்கொடையாளரைப் புகழவும் இல்லை. அதற்கான இடம் நிறுவனர் நாள். இரண்டாம் பத்திதான் கடிதத்தின் உயிர். எதிர்த்தரப்பின் குறையை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுதிய பிறகுதான் மறுப்பதற்கான காரணத்துக்குக் கடிதம் வருகிறது. ‘ஆயினும்’ என்ற சொல்லுக்கு முன் இருக்கும் பத்தியை மாற்றம் கேட்ட ஒருவரிடம் தனியாகப் படித்துக் காட்டி, ‘நீங்கள் சொன்னது இதுதானே?’ என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

‘தற்போதைக்கு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் இரு தரப்பும் சமாதானமாகிவிடாதா?

இரு தரப்பும் சமாதானமாகாது. மாற்றம் கேட்டவர்கள் அடுத்த கூட்டத்திலேயே மறுபடி எழுப்புவார்கள், மற்றவர்கள் பதற்றத்திலேயே இருப்பார்கள். மறுபரிசீலனை உண்டென்றால் எப்போது, எது மாறினால் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அதற்காக ‘என்றென்றும்’ என்றும் எழுத வேண்டாம். உங்களுக்குப் பின் வரும் குழுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

கடிதத்தை யாருக்கு முதலில் கொடுப்பது? யார் கையெழுத்திடுவது?

ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் வாயிற்காவலருக்கும் அன்று காலையிலேயே செய்தி தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளை அழைக்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது வாயிலில் நிற்பவரைத்தான். மனுக் கொடுத்தவர்கள் இருந்தால், பொதுக் கடிதம் போகும் முன் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து முதல்வரே சொல்வது முறை. பிறகு எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். வகுப்பு வகுப்பாகக் கொடுத்தால் முதல் வகுப்புக்குக் கிடைத்தது கடைசி வகுப்பை எட்டும் முன் பாதி திரிந்துவிடும். விடுமுறைக்கு முந்தைய மாலை அனுப்பாதீர்கள். கேள்வி கேட்க வருபவர்களுக்குப் பூட்டிய கதவைக் காட்டியது போலாகும்.

முடிவு நிர்வாகக் குழுவுடையது, விளக்கம் முதல்வருடையது என்றால் முதல்வர் கையெழுத்திடலாம். முதல்வருக்கே முடிவில் உடன்பாடில்லை என்றால், குழுவின் முடிவைத் தெரிவிப்பதோடு நிறுத்திக்கொண்டு, காரணம் கூறும் பகுதியைத் தாளாளர் பெயரில் இணைப்பது நேர்மையானது. நம்பாத காரணத்துக்கு வாதாடும் கடிதம் எப்படியோ காட்டிக்கொடுத்துவிடும். வழக்கமாக அதில் பெயரடைகள் கூடிவிடும்.

நான் ஒரு பெற்றோர், பெயரை மாற்றச் சொன்னவன். இப்படி ஒரு கடிதம் வந்தால் அதில் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் சொன்ன குறை அதில் உங்கள் பொருளிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதப்பட்டிருந்தால் உங்கள் மனுவை யாரோ படித்திருக்கிறார்கள். பிறகு, சொல்லப்பட்ட காரணத்துக்கு ஆவணம் இருக்கிறதா, அதைப் பார்க்க அனுமதிக்கிறார்களா என்று பாருங்கள். பத்திரம் என்று சொன்னால் பத்திரத்தைக் கேளுங்கள். விளைவு சொல்லும் வாசகம் அதில் இருக்கிறதா என்று படியுங்கள். பெயரைத் தொடர்ந்தாலும் தீர்க்கக்கூடிய சிரமங்களுக்கு நாள் குறித்திருக்கிறார்களா என்பது மூன்றாவது. மூன்றும் இருந்தால், முடிவு பிடிக்காவிட்டாலும், உங்களுக்கு முறையான பதில் கிடைத்திருக்கிறது. ஆவணம் இல்லாமல் ‘சட்டச் சிக்கல்’ என்று மட்டும் இருந்தால், எந்தச் சட்டம், எந்த ஆவணம், எந்த வாசகம் என்று மூன்றே வரியில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அந்தக் கடிதத்தை முதல்வருக்கு மட்டுமின்றி, முடிவெடுத்த நிர்வாகக் குழுவின் பெயருக்கும் அனுப்புங்கள்.